வெள்ளிக்கிழமை மட்டும் புகை

என் மகள் அறை தேடி முகநூல் குழுவில் போடவிருந்த பதிவுக்கு நான் எழுதிக்கொடுத்த முதல் படியில் பதினெட்டு வரிசை எண்கள் இருந்தன. முழுப்பெயர், தகப்பனார் பெயர், கடப்பிதழ் என்கிற பாஸ்போர்ட்டின் எண், பிறந்த தேதி, இப்போது தங்கியிருக்கும் விடுதியின் பெயர், அங்கே அவளுடைய கட்டில் எண், தொலைபேசி எண், படிப்பு, உயரம் என்று ஒழுங்காகப் போயிற்று. உயரம் எதற்கு என்று பிறகு யோசித்தபோது எனக்கே விளங்கவில்லை. கட்டிலின் நீளத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கலாம்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் நான் இருபத்தாறு வருடமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா. என் கண்ணில் படாமல் அங்கிருந்து ஒரு கடிதமும் வெளியே போனதில்லை. வீட்டிலும் தினமும் ஒரு பக்கம் டைரி எழுதுகிறேன். ஆகவே மகளின் பதிவும் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவள் மேசை அடிலெய்டில் இருந்தது.

நிலைமை இதுதான். பல்கலைக்கழக விடுதியில் அவள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது, பட்டியல் நகரவில்லை. பயணிகள் விடுதி ஒன்றில், ஆறு கட்டில் போட்ட அறையில், பன்னிரண்டு இரவுக்குப் பதிவு செய்துகொண்டு போயிருந்தாள். பதின்மூன்றாம் இரவு முதல் நகரத்தில் ஏதோ கலைவிழா. விடுதியில் ஒரு கட்டில்கூட இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து இரவுகள் கழிந்திருந்தன. மீதி ஏழு இரவுக்குள் யாராவது ஒரு பெண்ணோடு பகிர்ந்துகொள்ள அறை கிடைத்தாக வேண்டும்.

என் பதினெட்டு எண்களை வாட்ஸ்அப் புலனத்தில் பார்த்துவிட்டு அவள் உடனே அழைத்தாள்.

"ம்மா, இது ரூம் தேடுற போஸ்ட்டா, போலீஸ் ரிப்போர்ட்டா?"

என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்து, தேநீரோடு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பேப்பர்ல போடுற மரண அறிவித்தல்கூட இவ்ளோ விவரமா இருக்காதுலா," என்றார். "அதுல பேரப்பிள்ளைங்க பேரெல்லாம் இருக்கும். அது மட்டும்தான் இங்க விட்டுப்போச்சு."

மகள் ஒவ்வொன்றாக வெட்டினாள். முழுப்பெயர் வேண்டாம். அந்தக் குழுவில் ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள், யார் யாரென்று யாருக்கும் தெரியாது. கடப்பிதழ் எண் கூடவே கூடாது. தொலைபேசி எண் வேண்டாம், விருப்பமுள்ளவர்கள் குழுவின் வழியாகவே செய்தி அனுப்பட்டும். எங்கே தூங்குகிறாள் என்பதும், அந்த இடம் என்றைக்கு முடிகிறது என்பதும் வேண்டாம்.

"அது உண்மைதானே?" என்றேன்.

"உண்மைதாம்மா. இன்னும் ஏழு நாள்ல ரோட்டுக்கு வந்துருவேன்னு நானே எழுதிப்போட்டா, ஏமாத்துறவனுக்கு நானே வழி காட்டுன மாதிரி. யூனில ரூம் தேடுறதுக்கு உதவி பண்ற ஆபீஸ் இருக்கு. அங்க ஒரு தாள் குடுத்தாங்க, இதெல்லாம் அதுல இருக்கு. தனியா வந்திருக்கேன்னும் போடக்கூடாது."

"மறைக்கிறது பொய் சொல்ற மாதிரிதான்."

"மறைக்கலம்மா. அப்புறமா, ஆளப் பாத்துச் சொல்வேன். நீங்க ஆபீஸ் பெட்டிச் சாவி எங்க இருக்குன்னு நோட்டீஸ்போர்டுல ஒட்டுவீங்களா?"

அன்றைய டைரியில் இதை எழுதவில்லை. மறுநாள் எழுதினேன்.

வாடகையிலும் ஒரு வெட்டு விழுந்தது. அங்கே வாடகை வாரக் கணக்கு. அவளுடைய செலவையெல்லாம் கூட்டிக் கழித்து, வாரத்துக்கு நூற்று எண்பத்து மூன்று டாலர் ஐம்பது காசு தாங்கும் என்று நான் எழுதியிருந்தேன். அவள் அதை "தண்ணீர், மின்சாரம் சேர்த்து 170 முதல் 180 வரை" என்று மாற்றினாள். பேரத்தில் கடைசிக் காசை முதலில் காட்டக்கூடாதாம். பாசாரில் மீன் வாங்கும்போது நான் செய்வது அதைத்தான் என்று கணவர் சாட்சி சொன்னார்.

கடைசியில் மிஞ்சியது: படிக்கும் பெண், பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் பகிர்வு அறை தேடுகிறார், பேருந்துத் தடத்துக்குப் பக்கமாக இருந்தால் நல்லது, வாடகை இவ்வளவு. அதற்குக் கீழே பழக்கவழக்கங்கள். இந்தப் பகுதியை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்று நான் உறுதியாகச் சொன்னேன். ஒரே அறையில் இரண்டு பேர் வாழப்போகிறார்கள். ஒருவர் வழக்கம் மற்றவருக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். அந்தத் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

"சரி, நீங்களே டைப் பண்ணி அனுப்புங்கம்மா. நான் பஸ்ல இருக்கேன். அப்படியே எடுத்துப் போட்டுர்றேன்."

ஆறு வரிகள் எழுதினேன். ஒன்று, காலை ஐந்தரைக்கு எழுவேன். இரண்டு, பத்து மணிக்கு விளக்கை அணைப்பேன். மூன்று, பன்றியும் மாடும் சமைப்பதில்லை. நான்கு, புகைபிடிப்பதில்லை, குடிப்பதில்லை. ஐந்து, சமைத்த உடனே அடுப்பைத் துடைத்துவிடுவேன். ஆறாவது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அதையும் மறைக்கக்கூடாது அல்லவா.

சாம்பிராணிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று யோசித்தேன். நம் வீடுகளில் "புகை போட்டாச்சா?" என்றுதான் கேட்போம். அதையே ஆங்கிலத்தில் வைத்தேன். இருபத்தாறு வருடத்தில் எந்த மேனேஜரும் என் ஆங்கிலத்தைக் குறை சொன்னதில்லை. பதிவு இப்படிப் போயிற்று: நான்காவது வரி, நோ ஸ்மோக்கிங். ஆறாவது வரி, வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு மட்டும் ஸ்மோக், ஐந்து நிமிடம், ஜன்னலைத் திறந்து வைத்து.

அலுவலகத்தில் காலைத் தேநீருக்கு எழுந்தபோது மகளின் அழைப்பு வந்தது.

"ம்மா. நான் வாரத்துக்கு ஒருவாட்டி கஞ்சா அடிக்கிறேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க."

"யாரு அப்படிச் சொன்னது?"

"நீங்கதான். ஆறாவது வரியில."

பதிவின் கீழே பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் முடிக்கும் ஒழுக்கத்தை ஒருவர் மெச்சியிருந்தார். சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். என்ன சரக்கு, எங்கே கிடைக்கிறது என்று மூன்று பேர். அறை இருப்பதாக ஒருவர்கூட எழுதவில்லை. அவள் வரியைத் திருத்தினாள். ஆனால் அதற்குள் புதிய பதிவுகள் வந்து அவளுடையதைக் கீழே தள்ளிவிட்டன. ஆறு இரவுகள் இருந்தன.

மாலையில் கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் குனிந்து காலுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஜன்னலத் தொறந்து வைப்பேன்னு போட்டது நல்லது," என்றார். "பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் போகும்."

மறுநாள் ஒரு கடிதம் வந்தது. குழுவின் வழியாக ஒரு வீட்டுக்காரர் அனுப்பியது. மகள் அதை எனக்கு அனுப்பினாள். படித்ததும் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. எட்டுப் பத்திகள், எட்டுக்கும் எண் போட்டிருந்தது. வீட்டின் படங்கள் ஆறு, அதற்கும் எண். தனி அறை, வாரம் நூற்று நாற்பதுதான். தாம் கப்பலில் பொறியாளர் என்றும், இப்போது கடலில் இருப்பதால் வீட்டை நேரில் காட்ட முடியாது என்றும் எழுதியிருந்தார். முன்பணமும் இரண்டு வார வாடகையும் அனுப்பினால் சாவி கூரியரில் வரும். கடப்பிதழின் நகல் ஒன்று வேண்டும். புகைக்கு ஆட்சேபமில்லை. பூனைக்கும் ஆட்சேபமில்லை. எங்களிடம் பூனை இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் முன்யோசனையோடு எழுதியிருக்கிறாரே என்று நினைத்தேன்.

"இவரு நல்லாப் படிச்சவரு மாதிரி தெரியுது," என்றேன். கடப்பிதழ் நகல் அலுவலகக் கணினியில் திறந்தபடி தயாராக இருந்தது.

"ம்மா, எதையும் அனுப்பிராதீங்க. வீட்டப் பாக்காம ஒரு காசு குடுக்கக்கூடாது. அந்தத் தாள்ல முதல் வரியே அதான்."

"கப்பல்ல இருக்கறவரு எப்படிக் காட்டுவாரு?"

"அதனாலதாம்மா கப்பல்ல இருக்காரு."

வகுப்பில் கூடப் படிக்கும் பெண் ஒருத்தியை அழைத்துக்கொண்டு பகலில் அந்த முகவரிக்கே போய்ப் பார்த்தாள். படத்தில் இருந்த அதே வீடு, அதே நீலக் கதவு. வாசலில் ஒரு பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இவர்கள் வாய் திறப்பதற்குள், வீடு வாடகைக்கு இல்லை என்றாராம். அவரே சொந்தக்காரர். முன்பு வீட்டை விற்க நினைத்து இணையத்தில் போட்ட படங்களை எவனோ எடுத்துக்கொண்டானாம். இந்த மாதம் இப்படி வருபவர்களில் இவர்கள் மூன்றாவது. மற்ற இருவரும் பெட்டியோடு வந்தார்களாம்.

மகள் குழுவை நடத்துகிறவர்களிடம் புகார் செய்தாள், அந்த ஆளின் பெயர் குழுவிலிருந்து போயிற்று. நான் நகலை மூடினேன். வரிசை எண் போட்டு எழுதுகிறவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் அல்ல என்பது என் வயதில் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமான பாடம்.

ஐந்து இரவுகள் மீதியிருக்கும்போது மலாயில் ஒரு செய்தி வந்தது. நம் பக்கத்துக் கோலா கிளாவாங் ஊர் மலாய்ப் பெண், அங்கே இரண்டாம் ஆண்டு. இரண்டு கட்டில் போட்ட அறையில் இருக்கிறாள். கூட இருந்தவள் படிப்பு முடித்து ஊர் திரும்பிவிட்டாள். பன்றி சமைப்பதில்லை என்ற வரி அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு சந்தேகம்: வெள்ளிக்கிழமை என்ன புகை?

கஞ்சா இல்லை என்று தெளிவுபடுத்தும் அவசரத்தில், மகள் ஒரே சொல்லில் பதில் போட்டாள். "கெமெஞான்."

மலாயில் சாம்பிராணிக்கு அதுதான் சொல், தப்பே இல்லை. ஆனால் மலாய்க்காரர்களுக்குக் கெமெஞான் என்றால் மந்திரவாதி, ஆவி, பேய். யாராவது கெமெஞான் போட்டால் எதையோ அழைக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கம் ஒரு நாள் முழுவதும் சத்தமே இல்லை.

"கஞ்சான்னே விட்டிருக்கலாம்," என்றார் கணவர்.

மறுநாள் அந்தப் பெண் கேட்டிருந்தாள்: "வியாழக்கிழமை ராத்திரி இல்லையே?" அவர்கள் கணக்கில் வியாழன் பொழுது சாய்ந்தால் வெள்ளி இரவு, பேய்க்கு உகந்தது அதுதான். இல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம், சாமி விளக்கு ஏற்றும்போது என்று மகள் விளக்கினாள். சரி, வந்து அறையைப் பார் என்று பதில் வந்தது.

கூடப் படிக்கும் பெண்ணோடு மத்தியானம் போய்ப் பார்த்தாள். ஜன்னல் உண்டு, பேருந்து நிறுத்தம் ஐந்து நிமிடம், வீட்டில் நான்கு பெண்கள். வாடகை நூற்று எழுபத்தைந்து. ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். முன்பணம் யார் கையிலும் தங்காது, மாநில அரசின் அலுவலகத்தில் கட்டினால் ரசீது மின்னஞ்சலில் வரும். கடப்பிதழை அந்தப் பெண் கேட்கவே இல்லை, மாணவர் அட்டையை மட்டும் பார்த்தாள், தன்னுடையதையும் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது.

"ஆனா அவங்கம்மா சரின்னு சொல்லணுமாம்," என்றாள் மகள். "கெமெஞான்னு கேட்டதுலருந்து அவங்கம்மா தூங்கலயாம்."

கோலா கிளாவாங் இருக்கும் ஜெலுபு வட்டாரத்து வழக்கத்தில் வீடு பெண் வழியில் வருவது. அம்மா தலையசைக்காமல் வாசலைத் தாண்ட முடியாது. அந்த வாசல் அடிலெய்டில் இருந்தாலும் அப்படித்தான் போலிருக்கிறது. இரண்டு இரவுகள் மீதி. இரண்டு மகள்களும் பேசி, அம்மாக்கள் நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்மானித்தார்கள். கோலா கிளாவாங்கிலிருந்து மலை இறங்கினால் பாரோய் பக்கம். அங்கே நம் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் சாப்பாட்டுக் கடை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி.

ஐந்து இருபதுக்கே போய்விட்டோம். கைப்பையில் ஒரு கோப்பும் இருபது கிராம் சாம்பிராணியும் இருந்தன. அந்தப் பெண்ணின் அம்மா ஏற்கெனவே ஒரு மேசை முன் உட்கார்ந்திருந்தார். நீலத் தலைத்துணி, என் வயது. முன்னால் ஒரு கோப்பு. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாம். மலாயிலும் அந்த வேலைக்கு அதே சொல்தான். நாங்கள் ஒருவர் கோப்பை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் கணவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு எல்லாருக்கும் ரொட்டி சானாய் சொன்னார்.

பேச்செல்லாம் மலாயில்: அக்காவுக்குக் கக், அண்ணனுக்குப் பாங். அவர் தன் பட்டியலைத் திறந்து, பேனாவால் குறித்துக்கொண்டே கேட்டார். குறட்டை உண்டா? இல்லை. விருந்தாளிகள்? இல்லை. பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"கக், நான் ஒளிக்காமக் கேக்குறேன். உங்க பொண்ணு எதுக்குக் கெமெஞான் போடுது? யாரக் கூப்புடுது?"

"யாரையும் கூப்புடல. வீட்டுக்கு வாசனை."

ஆதாரமாகப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் நாற்காலி நான்கு அங்குலம் பின்னால் போயிற்று. இரண்டு இரவு என்பது மட்டும் தலைக்குள் ஓடியது.

அந்த நேரத்தில் கடைக்காரர் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தார். கையில் தூபக்கால். வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு, கல்லாவுக்கு, மாவு பிசையும் மேடைக்கு, ஒவ்வொரு மேசைக்கும் புகை காட்டிக்கொண்டே வந்தார். எங்கள் மேசைக்கும் காட்டினார். கோலா கிளாவாங் அம்மா கையால் லேசாக விசிறிவிட்டு, ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார்.

நான் காத்திருந்தேன். அவர் நிமிர்ந்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"இந்தப் புகை," என்றேன்.

"இதுவா? இது கடை வாசனை."

நான் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தயங்கித் தயங்கிக் குனிந்து முகர்ந்தார். தூபக்காலைப் பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு கடைக்காரரைக் கைகாட்டி அழைத்தார்.

"பாங், இதும் அதும் ஒண்ணா?"

கடைக்காரர் ஒரு துண்டை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். "ஒண்ணுதான் கக். வெள்ளிக்கெழம தவறாமப் போடுவோம்." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "உங்களோடது நல்ல சரக்குக்கா, எங்க வாங்குனீங்க?" என்றார்.

கோலா கிளாவாங் அம்மா கையிலிருந்த ரொட்டியை முகர்ந்து பார்த்தார். "இருபது வருஷமா இங்க சாப்புடுறேன்," என்றார் கடைசியில். "இத நான் ரொட்டி சானாய் வாசனைன்னுல்ல நெனச்சேன்."

கோப்பைத் திறந்து ஒரு குறி போட்டார். அடிலெய்டு வீட்டில் புகை பட்டால் அலறும் மணி இருப்பதால் பின்கட்டில் வைத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெண் சாமானோடு வரட்டும் என்றும் சொன்னார். என் கணவர் இன்னொரு ரொட்டி சொன்னார்.

மகள்களுக்குச் சொல்லக் காணொளியில் அழைத்தோம். இருவரும் அந்த அறையில்தான் இருந்தார்கள். கோலா கிளாவாங் அம்மா கைப்பேசியை வாங்கி என் மகளிடம் அன்பாகவே பேசினார். காலை ஐந்தரைக்கு எழுகிற பெண் கிடைப்பது அபூர்வம், தன் மகளும் தொழுகைக்கு அந்நேரம் எழுகிறவள், இருவரும் ஒன்றாகவே நாளைத் தொடங்கலாம் என்றார்.

மகள் தயங்கினாள். அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். பள்ளி அறிக்கை அட்டையை நீட்டுவதற்கு முன்னால் வரும் தயக்கம்.

"மக்சிக், ரூம் குடுத்தப்புறம் பொய் சொல்லக்கூடாது," என்று மலாயில் அத்தை முறை வைத்துச் சொன்னாள். "ஐந்தரைக்கு எழுந்திரிக்கிறது எங்கம்மா. பத்து மணிக்கு லைட்ட அணைக்கிறதும் எங்கம்மாதான். நான் எட்டரை. சாம்பிராணிகூட நான் கொண்டுவரல, வீட்டு டிராயர்லயே இருக்கு. ஏர்போர்ட்ல அதுக்கெல்லாம் ஃபாரம் எழுதணும்."

நான் என் பட்டியலைப் பார்த்தேன். அவள் தகப்பனார் ரொட்டியைப் பார்த்தார். அந்த ஆறு வரிகளையும் நான் பொய்யென்று நினைத்து எழுதவில்லை. எங்கள் வீட்டில் இருக்கிறவர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்று எழுதினேன். அந்த வீட்டில் இருக்கிறவர்கள் என்றால் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

கோலா கிளாவாங் அம்மாவின் முகம் இறுகியது. பேனாவைத் திறந்தார். குறியை அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அதற்குள் கைப்பேசியில், என் மகளுக்குப் பின்னாலிருந்து, அவர் மகளின் குரல் மெதுவாக வந்தது.

"மா, நானும் தொழுதுட்டு மறுபடி படுத்துருவேன். எட்டரை வரைக்கும்."

"தினமுமா?"

"வகுப்பு இருந்தா எட்டு."

என் கணவருக்கு இருமல் வந்துவிட்டது. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கோலா கிளாவாங் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தன் பட்டியலை என் பக்கம் திருப்பினார். அதில் மகளைப் பற்றி ஒன்பது வரிகள் இருந்தன, கையெழுத்து என்னுடையதைவிட நேர்த்தி.

"இதுல பாதி என்னோடதுதான் போலருக்கு, கக்," என்றார்.

இருவரும் உட்கார்ந்து எங்களுடைய வரிகளை அடித்தோம். எழும் நேரம் போயிற்று, விளக்கு அணைக்கும் நேரம் போயிற்று. துணியைப் பிரித்துத் துவைப்பது என்ற அவருடைய நான்காவது வரியை, கைப்பேசியில் வந்த சிரிப்பைக் கேட்டதும் அவரே அடித்தார். சாம்பிராணி வரிக்கு வந்தபோது, "அது இருக்கட்டும்," என்றார். "என்னைக்காவது வேணும்னா போடட்டும்." நான் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டேன்.

சமைத்த உடனே அடுப்பைத் துடைக்கவேண்டும் என்பது மட்டும் இரண்டு பட்டியலிலும் இருந்தது. அதை நாங்கள் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. அவர் அதைக் கைப்பேசிக்கு நேராகப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அடிலெய்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.